போனில் கறுத்த தலை

தீபாவளிக்கு வந்திருந்த பேத்தி சென்னைக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் அது. பாளையங்கோட்டை வீட்டு வாசல்படியில் உட்கார்ந்து நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது, எனக்குத் தெரியாமலேயே ஒரு படம் எடுத்திருக்கிறாள். கொஞ்ச நேரத்தில் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

“தாத்தா, இது யாருன்னு சொல்லுங்க பாப்போம்.”

நான்தான். அதே வாசல்படி, அதே பேப்பர், அதே நீலக் கட்டம் போட்ட கைலி. ஏதோ ஒரு ஆப்பில் போட்டு மாற்றியிருக்கிறாள், தலை மட்டும் கன்னங்கரேல் என்று இருந்தது, மீசையும்கூட. அம்பாசமுத்திரம் தபால் ஆபீஸ் கவுண்டரில் மணியார்டர் எழுதிக்கொண்டிருந்த ஆள், பேண்ட்டைக் கழற்றிவிட்டுக் கைலியோடு என் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. “இதை அழிச்சிரு” என்று சொன்னேன். அவள் அதற்குள் குடும்ப வாட்ஸப் குரூப்பில் போட்டுவிட்டாள். “கொழுந்தனாருக்கு இன்னொரு தடவ பொண்ணு பாக்கலாம் போலிருக்கே” என்று மதினி குரல் பதிவு அனுப்பினார்கள். என் மனைவி படத்தைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை, கொடியில் காய்ந்த துணியை எடுக்கப் போய்விட்டாள்.

அன்று ராத்திரி எல்லாரும் தூங்கின பிறகு அந்தப் படத்தை நான் மூன்று தடவை திறந்து பார்த்தேன். இதை ஒளிப்பதில் அர்த்தமில்லை.

எனக்கு அறுபத்தாறு வயது. வேலையில் இருந்த காலத்தில் பத்துப் பன்னிரண்டு வருஷம் டை அடித்தவன்தான். ஓய்வு பெற்ற பிறகு கொரோனா ஊரடங்கில் சலூன் எல்லாம் மூடிக் கிடந்தபோது விட்டுவிட்டேன், அப்படியே வெளுத்துப்போனது. அதனால் டை எனக்குப் புதுசு இல்லை என்று ஒரு தைரியம். கூடவே நவம்பர் மாதம். பென்ஷன்காரர்கள் ஆயுள் சான்று கொடுக்கிற மாதம். இப்போது போன் கேமராவில் முகத்தைக் காட்டியே வீட்டிலிருந்து கொடுத்துவிடலாம். சர்க்காருக்குத்தான் முகத்தைக் காட்டப் போகிறோம், கறுப்புத் தலையோடே காட்டுவோமே என்று எனக்கு நானே ஒரு சாக்கும் கண்டுபிடித்துக்கொண்டேன்.

முக்குக் கடையில் சரம் சரமாகத் தொங்கிய பாக்கெட்டுகளில் ஒன்றைக் கிழித்து வாங்கினேன். முன்பக்கம் மருதாணி இலைப் படம். ‘அமோனியா இல்லை’ என்று பெரிய எழுத்து. பின்பக்கம் எறும்பு எழுத்தில் என்னென்னவோ இருந்தது, அதைப் படிக்கக் கண்ணாடியைத் தேடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மனைவி கோயிலுக்குப் போயிருந்தாள். பழைய பல் தேய்க்கிற பிரஷ்ஷால் தலைக்கும் மீசைக்கும் பூசி, அரை மணி நேரம் வைத்துக் குளித்தேன். நன்றாகவே கறுத்தது. சாயங்காலம் அவள் வந்து பார்த்து, “ஏங்க, இதென்ன கோலம்?” என்றாள். அவ்வளவுதான்.

திங்கட்கிழமை ராத்திரி காதுக்குப் பின்னால் நமைச்சல் தொடங்கியது. கொசு என்று நினைத்தேன். செவ்வாய்க்கிழமை காலையில் இடது கண் திறக்கவில்லை, வலது கண் பாதி திறந்தது. கண்ணாடியில் பார்த்தால் நெற்றி பணியாரம் மாதிரி உப்பி, மேல் உதடு தடித்து, காது மடலில் நீர் கசிந்துகொண்டிருந்தது. எனக்கு ஒரே ஆச்சரியம், சாயம் பூசிய தலையில் பெரிதாக ஒன்றுமே இல்லை. பூசாத கண்ணிமைதான் இட்லி மாதிரி இருந்தது.

தோல் டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, மூச்சு விடவோ எச்சில் விழுங்கவோ கஷ்டமாக இருக்கிறதா என்பது. நாக்கு வீங்கினாலோ, தொண்டை அடைத்தாலோ, மூச்சு இழுத்தாலோ தோல் டாக்டருக்குக் காத்திருக்கக் கூடாதாம், நேரே பெரியாஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டுமாம். எனக்கு அதெல்லாம் இல்லை. அடுத்து பாக்கெட்டைக் கேட்டார்கள். நல்ல வேளை, குப்பையிலிருந்து எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போயிருந்தேன். இப்படி ஆகிறவர்கள் யாரானாலும் பாக்கெட்டைத் தூக்கிப் போடாமல் கொண்டுபோங்கள்.

எறும்பு எழுத்தில் இருந்த ஒரு பெயரை டாக்டரம்மா விரலால் தொட்டுக் காட்டினார்கள். பாரா-ஃபினைலின்டையமின். சுருக்கமாக பி.பி.டி. கடையில் விற்கிற கறுப்பு டையில் பெரும்பாலானவற்றில் கறுப்பைக் கொடுப்பது இதுவோ இதன் உறவுக்காரப் பொருளோதான். ரொம்பச் சின்ன மூலக்கூறு என்பதால் முடிக்குள்ளே நுழைந்துவிடும். கூடச் சேர்க்கிற பெராக்சைடு போன்ற பொருள் அதை உள்ளேயே பெரிய சாயத் துணுக்காக மாற்றிவிடும், அப்புறம் குளித்தாலும் வெளியே வராது. அமோனியாவின் வேலை முடியின் மேல் செதிலைத் திறந்துவிடுவது மட்டும்தான். ஆகவே ‘அமோனியா இல்லை’ என்றால் நாற்றமும் எரிச்சலும் குறைவு என்று அர்த்தம், பி.பி.டி. இல்லை என்று அர்த்தமில்லை. நான் இத்தனை வருஷம் இரண்டும் ஒன்று என்றே நினைத்திருந்தேன்.

“பன்னண்டு வருஷம் அடிச்சேனே டாக்டர், அப்போ ஒண்ணும் ஆகலையே?”

“அப்போ ஒடம்பு கணக்கு எழுதிக்கிட்டு இருந்திருக்கும்” என்றார்கள்.

தபால் ஆபீஸில் சேமிப்புக் கணக்கு எழுதியவனுக்கு இது சட்டென்று விளங்கியது. இந்த ஒவ்வாமை பூசிய உடனே வருவதில்லை. உடம்பு அந்தப் பொருளை ஒருதரம் எதிரி என்று குறித்து வைத்துக்கொண்டால், அடுத்த முறை பார்க்கும்போது ஒன்று இரண்டு நாள் எடுத்துக்கொண்டு ஆளைத் திரட்டி வரும். அதனால்தான் ஞாயிறு பூசியதற்குச் செவ்வாய் வீங்கியது. குறிப்பது எந்தத் தடவை நடக்கும் என்று சொல்ல முடியாது, இரண்டாம் தடவையிலும் நடக்கலாம், நூறாம் தடவையிலும் நடக்கலாம். ஒருதரம் குறித்துவிட்டால் அழிக்கிறது கிடையாது. ஆறு வருஷம் இடைவெளி விட்டேனே, அதனால் கணக்கு முடிந்துவிடவும் இல்லை. கண்ணிமை வீங்கின ரகசியமும் அப்போதுதான் தெரிந்தது. மண்டைத் தோல் தடிப்பு, இமைத் தோல் மெல்லிசு, தொளதொளப்பு. குளிக்கும்போது வழிகிற சாயம் இமை, காது, பிடரி என்று படும். கோபத்தைக் காட்ட அந்த இடங்கள்தான் தோது.

மாத்திரை ஸ்டீராய்டு. முதல் சில நாள் கூடுதலாக, பிறகு படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். வீக்கம் வற்றியதே என்று நடுவில் நிறுத்தினால் திரும்ப வந்துவிடும் என்று இரண்டு தடவை சொன்னார்கள். எனக்குச் சுகர் உண்டு, ஸ்டீராய்டு அதை ஏற்றிவிடும். ஆகையால் தினமும் குத்திப் பார்த்து எழுதி வைத்தேன், கொஞ்சம் ஏறவும் செய்தது. இனிப் பல் டாக்டரிடம் போனால் டை ஒவ்வாமை இருக்கிறது என்று சொல்லச் சொன்னார்கள். மரத்துப்போகப் பூசுகிற சில மருந்துகளும் இதே ஜாதியாம்.

அந்த எறும்பு எழுத்தில் இன்னொன்றும் இருந்தது. நம் நாட்டுச் சட்டப்படி பி.பி.டி. உள்ள சாயத்தின் மேல் எச்சரிக்கையும், சோதனை செய்கிற முறையும் அச்சடித்தே ஆக வேண்டும். அடித்துத்தான் இருந்தார்கள். காதுக்குப் பின்னாலோ முன்கையின் உள்பக்கமோ சோப்புப் போட்டுக் கழுவி, கலக்கிய சாயத்தில் கொஞ்சம் தடவி, காயவிட்டு, ஒரு நாள் கழித்துக் கழுவிப் பார்க்க வேண்டும். எனக்கு முழுசாக வீங்கவே இரண்டு நாள் ஆனது என்பதால் என்னைக் கேட்டால் இரண்டு நாள் பொறுங்கள் என்பேன். சிவப்போ நமைச்சலோ இருந்தால் அந்தப் பாக்கெட்டோடு உறவு முடிந்தது. பழைய பாக்கெட்டு ஒத்துக்கொண்டதே என்று விடாமல் ஒவ்வொரு தடவையும் செய்ய வேண்டும் என்றும் அதிலேயே போட்டிருக்கிறது. எனக்குத் தெரிந்து எங்கள் தெருவில் ஒருத்தர்கூட இதைச் செய்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை கல்யாணம் என்றால் சனிக்கிழமை ராத்திரி டை அடிக்கிற ஊர் இது.

அந்த வாரம் முழுக்க வீட்டில் கிடந்தேன். டிவி பார்க்கக் கண் கூசியது. அரைக் கண்ணால் போனை மட்டும் பார்க்க முடிந்தது, அதில் மறுபடியும் அந்தப் படம். பேத்தியிடம் ஒரிஜினலையும் அனுப்பச் சொல்லி, இரண்டையும் மாற்றி மாற்றிப் பெரிதாக்கிப் பார்த்தேன். வேலை இல்லாதவன் பார்க்கிற பார்வை. அப்போதுதான் பிடிபட்டது.

அந்த ஆப் என் முடியை மட்டும் கறுப்பாக்கவில்லை. என் உச்சியில் ஒரு ரூபாய்க் காசைவிடப் பெரிதாக வழுக்கை இருக்கிறது, படத்தில் அங்கேயும் முடி. கண்ணுக்குக் கீழே தொங்குகிற பையைக் காணோம். வலது கன்னத்து மச்சத்தைக் காணோம், பிறந்ததிலிருந்து என்னோடு இருப்பது. கழுத்துத் தோல் இழுத்துக் கட்டினாற்போல் இருந்தது, தாடை ஒரு சுற்று மெலிந்திருந்தது. நான் எல்லாப் பெருமையையும் கறுப்பு முடிக்குக் கொடுத்துவிட்டேன். ஆறு வேலை செய்த படத்தைப் பார்த்துவிட்டு, ஒரு வேலைக்கு மட்டும் பாக்கெட்டு வாங்கியிருக்கிறேன்.

ஆப் தடுமாறின இடமும் கண்ணில் பட்டது. முடி எங்கே முடிகிறது, தோல் எங்கே ஆரம்பிக்கிறது என்று அதுவே கோடு பிரித்துக்கொள்கிறது போல. என் மூக்குக்கண்ணாடியின் காது மாட்டுகிற கம்பி பொன் நிறம், அதில் காதோரம் ஒரு துண்டு கறுப்பாகியிருந்தது. மீசையைக் கறுப்பாக்கியவர் புருவத்தை வெள்ளையாகவே விட்டிருந்தார். இந்த மாதிரிப் படம் பார்த்து யாருக்காவது ஆசை வந்தால் முதலில் காதோரத்தையும் புருவத்தையும் பாருங்கள், பிறகு முடியை விட்டுவிட்டு முகத்தைப் பாருங்கள்.

நிஜமாக டை அடித்த என் தலையோ வேறு மாதிரி இருந்தது. பாக்கெட்டுக் கறுப்பு ஒரே கறுப்பு. பிறவிக் கறுப்பு முடியில் வெயில் படுகிற இடம், படாத இடம் என்று பல சாயல் இருக்கும். ஒரே கறுப்புக்குக் கீழே அறுபத்தாறு வயது முகத்தை வைத்தால் முகம் இன்னும் வாடித் தெரிகிறது, வழுக்கை விளக்குப் போட்ட மாதிரி மின்னுகிறது. சலூன் தம்பி பின்னாடி சொன்னான், “அண்ணாச்சி, வயசான தலைக்குக் கறுப்பு எடுக்கவே கூடாது, கரும்பழுப்புதான் எடுக்கணும்.” அவனிடம் முதலிலேயே போயிருக்கலாம்.

ஆயுள் சான்று விஷயம் கேட்பீர்கள். செவ்வாய்க்கிழமை வீங்கின முகத்தோடே முயற்சி செய்து பார்த்தோம், அது என் மனைவியின் பிடிவாதம். கேமரா முகத்தை வட்டத்துக்குள் கொண்டுவரச் சொல்கிறது, கண்ணைச் சிமிட்டச் சொல்கிறது. திறக்கவே திறக்காத கண்ணை எப்படிச் சிமிட்டுவது? “சிமிட்டுங்க, சிமிட்டுங்க” என்று அவள் போனைப் பிடித்துக்கொண்டு சொல்ல, நான் முகத்தைச் சுளிக்க, கடைசியில் இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். உதடு வலித்தது. நவம்பர் 30 வரை நேரம் இருந்ததால் வீக்கம் வற்றவிட்டு இரண்டு வாரம் கழித்து, ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழுகிற மாதிரி உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டு எடுத்தோம். முதல் தடவையிலேயே எடுத்துக்கொண்டது. என் ஆதார் அட்டைப் படத்தில் டை அடித்த முடி, இப்போது பாதி கறுப்பு பாதி வெள்ளை. அதைப் பற்றி அது ஒன்றும் கேட்கவில்லை.

பாதி வெள்ளை என்று சொன்னேனே, அதுதான் அடுத்த வம்பு. முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் சுமாருக்கு வளரும். மார்கழி பிறந்தபோது வேரில் வெள்ளை, மேலே கறுப்பு. வகிடு எடுத்தால் அணில் முதுகு. இனி பாக்கெட்டுச் சாயம் ஆயுசுக்கும் கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்கள். கறுப்பு மருதாணி என்று விற்பதையும் தொடக்கூடாது. சுத்தமான மருதாணி யாருக்கும் கறுப்பு கொடுக்காது, வெள்ளை முடியில் செம்மஞ்சள்தான் கொடுக்கும், அதற்கும் இரண்டு மணி நேரமாவது கேட்கும். அரை மணியில் கறுக்கிற மருதாணி என்றால் உள்ளே வேறு ஆள் இருக்கிறார். என் பாக்கெட்டில் இலைப் படம் போட்டதும் இந்தச் சங்கதிதான்.

சுத்த மருதாணி, அதன் மேல் அவுரி, இந்த இரண்டையும் கையில் தடவிச் சோதித்துவிட்டுப் போடலாம் என்றார்கள். டவுனில் ரத வீதிப் பக்கம் ஒரு நாட்டு மருந்துக் கடைக்குப் போய் மருதாணிப் பொடி நூறு கிராம், அவுரிப் பொடி கால் கிலோ வாங்கி வந்தேன். இரண்டையும் முழங்கையில் தடவி இரண்டு நாள் பார்த்தேன், ஒன்றும் இல்லை. என் தலைக்கு ஐம்பது கிராம் மருதாணியே தாராளம். தேயிலைத் தண்ணீரில் ராத்திரி கலந்து வைத்து, காலையில் இரண்டு மணி நேரம் போட்டுக் கழுவினேன். வெள்ளை இருந்த இடமெல்லாம் செம்மஞ்சள். அதுவரைக்கும் சரி. மறுநாள் அவுரியைக் குழைத்து ஒன்றரை மணி நேரம் போட்டேன். கழுவினால் அதே செம்மஞ்சள். இரண்டு நாள் காத்திருந்தேன், அப்போதும் செம்மஞ்சள். மேலே கறுப்பு, வேரில் காவி. பால் வாங்கப் போவதற்கே துண்டைக் கட்டிக்கொண்டு போக வேண்டியதாயிற்று.

மீதிப் பொடியைப் பையோடு கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் முகர்ந்து பார்த்தார், என் தலையைப் பார்த்தார், அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“அண்ணாச்சி, இது வயித்துக்கு உள்ளதுல்லா!”

எங்கள் பக்கத்தில் அவுரி என்கிற பேர் இரண்டு செடிக்கு நடமாடுகிறது. ஒன்று நிலாவாரை, மலச்சிக்கலுக்குக் கொடுக்கிற இலை. உலகச் சந்தையில் திருநெல்வேலி சென்னா என்று நம் ஊர்ப் பேரிலேயே ஓடுவது இதுதான், தூத்துக்குடி வழியாகக் கப்பல் ஏறுவது. இன்னொன்று நீலி, நீல அவுரி. ஒரு காலத்தில் துணிக்கு நீலம் எடுத்த செடி, தலைக்குச் சாயம் கொடுப்பதும் அதுதான். இரண்டும் காய்ந்து பொடியானால் பச்சைப் பொடிதான். வெறுமனே அவுரி என்று கேட்டது என் தப்பு. பேதி மருந்தைத் தலையில் பூசி ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன்.

எப்படிக் கண்டுபிடிப்பது என்று அவரே காட்டினார். ஒரு எவர்சில்வர் தட்டில் இரண்டு பொடியிலும் ஒவ்வொரு ஸ்பூன் போட்டு வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுக் குழைத்து வைத்தார். டீ வாங்கிக் கொடுத்தார். குடித்து முடித்துக் கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், நிலாவாரை அரைத்த கீரை மாதிரி பச்சையாகவே இருந்தது. நீலியின் மேல் பரப்பு கருநீலமாக ஆடை கட்டியிருந்தது. வெள்ளைக் கைக்குட்டையின் நுனியில் தொட்டு வைத்தார், நீலம் பிடித்தது. காற்றுப் பட்டால்தான் இதற்கு நிறம் வரும். அதனால் குழைத்துப் பத்துப் பதினைந்து நிமிஷத்தில் போட்டுவிட வேண்டும், மருதாணி மாதிரி ராத்திரியே ஊறவைத்தால் வீரியம் போய்விடும். புளிப்பும் ஆகாது. எலுமிச்சையும் தயிரும் மருதாணியோடு நிற்கட்டும் என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீலியைப் போட்டேன். வெறும் தண்ணீரில் கழுவினபோது தலை பச்சையாக இருந்தது. எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. ஷாம்பு போடாமல் இரண்டு நாள் விட்டால் கறுக்கும் என்று அவர் எச்சரித்திருந்ததால் பொறுத்தேன். செவ்வாய்க்கிழமை காலையில் கரும்பழுப்பு. படத்தில் இருந்த கறுப்பு இல்லை, உச்சி வழுக்கை அப்படியே, கண்பை அப்படியே. மனைவி பார்த்துவிட்டு, “இது பரவால்ல” என்றாள். மாதம் ஒருநாள் பாதிப் பகல் இதற்கே போய்விடுகிறது, மருதாணிக் கறை படிந்த துண்டு தனியாகக் கிடக்கிறது. எத்தனை மாதம் பொறுமை இருக்கும் என்று பார்ப்போம்.

போன வாரம் பொடி தீர்ந்து கடைக்குப் போனேன். எனக்கு முன்னால் ஒரு பெரியவர் அவுரிப் பொடி நூறு கிராம் என்றார். முழுக்க வெள்ளைத் தலை. கடைக்காரர் டப்பாவில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நானே கேட்டுவிட்டேன்.

“அண்ணாச்சி, தலைக்கா, வயித்துக்கா?”